அகபோமென்: ஒரு கிரேக்க வினையைப் பிரித்துப் பார்த்தல்

கிரேக்க வினைச்சொற்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஒட்டுவினைகள் என்று பெயர் வைக்கலாம். அவற்றின் பகுதி அ, எ, ஒ என்ற மூன்று குற்றுயிர்களில் ஏதேனும் ஒன்றில் முடியும். கிரேக்க விகுதிகளோ பெரும்பாலும் உயிரிலேயே தொடங்கும். எனவே பகுதியின் கடைசி உயிரும் விகுதியின் முதல் உயிரும் நேருக்கு நேர் நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் தமிழ் ய் அல்லது வ் என்ற உடம்படுமெய்யை இடையில் வைத்து இரண்டு உயிர்களையும் காப்பாற்றிவிடும். கிரேக்கம் அப்படிச் செய்யாமல் இரண்டையும் உருக்கி ஒரே நெடிலாக்கிவிடும். அந்த நெடிலுக்குள் பகுதியின் உயிர் மறைந்துபோகும்.

வடமொழிப் புணர்ச்சி அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தேவ என்பதும் ஆலயம் என்பதும் சேர்ந்து தேவாலயம் ஆகிறது. இரண்டு சொற்களையும் முன்பே அறியாத ஒருவர் நடுவில் உள்ள ஆகாரத்தைப் பார்த்து, அதில் எவ்வளவு முதற்சொல்லுக்கு உரியது, எவ்வளவு இரண்டாவதற்கு உரியது என்று சொல்ல முடியாது. கிரேக்க ஒட்டுவினையில் இதே கதை ஒரே சொல்லின் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நடக்கிறது. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் படிக்கத் தொடங்குபவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். அன்பு செய்தல், செய்தல், பேசுதல், தேடுதல், கேட்டல், காணுதல், வாழ்தல், அழைத்தல் என்று அன்றாடம் புழங்கும் வினைகள் பலவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே இவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் படிக்கவும் வழியில்லை.

இந்த மறைவு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட, யோவானின் முதலாம் நிருபம் 4ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பழைய படிகள் சிலவற்றில் உள்ளபடி அது ஏழே சொற்கள் கொண்டது. அந்த ஏழில் இரண்டு வினைகள், இரண்டும் ஒரே வினையின் வடிவங்கள். ஒன்றில் பகுதி ஒட்டி மறைந்திருக்கிறது, மற்றதில் வெளியே தெரிகிறது. அவர் முதலில் நம்மேல் அன்பு வைத்தார், அதனால் நம்முடைய அன்பு என்பது வசனத்தின் சாரம். நம்முடைய அன்பு என்ற அந்தப் பாதியை எப்படி முடிப்பது என்பதுதான் கேள்வி. நாம் அன்பு செய்கிறோம் என்றா, அன்பு செய்வோமாக என்றா? ஒட்டிய உயிர் அதைச் சொல்ல மறுக்கிறது.

கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும், ஒகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் கிரேக்கத்தில் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. ஒமிக்ரோன் என்றால் சிறிய ஒ, ஒமேகா என்றால் பெரிய ஓ. தேவநாகரியில் இல்லாத இந்த வேறுபாடு தமிழில் அப்படியே இருக்கிறது. இங்கே பேசப்படும் விஷயம் முழுவதும் குறில் நெடில் பற்றியதே என்பதால் தமிழ் எழுத்து இதற்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. மெய்களில் மட்டும் கவனம் வேண்டும். கீழே வரும் சொற்களில் பகரத்தை ‘அப்பா’ என்பதில் ஒலிப்பதுபோல வல்லொலியாகப் படிக்க வேண்டும்.

அன்பு செய் என்ற வினையின் பகுதி ‘அகப’. கடைசி எழுத்தான பகரத்துக்குள் அகரம் இருக்கிறது. அந்த அகரம்தான் கதையின் நாயகன். நிகழ்காலத்தில் ‘நாம்’ என்ற எழுவாய்க்கு உரிய விகுதி ‘ஒமென்’. பகுதி மெய்யிலோ வேறு வலுவான உயிரிலோ முடிந்தால் சிக்கலே இல்லை. அவிழ்த்தல் என்ற பொருளுள்ள ‘லூ’ என்ற பகுதியோடு அது சேர்ந்தால் லூஒமென், அவிழ்க்கிறோம். பகுதியும் விகுதியும் தனித்தனியாகக் கண்ணில் படும். ஆனால் அகப என்பதோடு ஒமென் சேரும்போது அகரமும் ஒகரமும் மோதுகின்றன. இரண்டும் கூடி ஓகாரம் ஆகின்றன. கிடைப்பது அகபோமென்.

மோதும் உயிர்களில் எது வெல்லும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஒகர வகை ஒலி எந்தப் பக்கம் இருந்தாலும் அதுவே வெல்லும். அகரமும் எகரமும் மோதினால் முன்னால் நிற்பது வெல்லும். எனவே அகரத்தில் முடியும் பகுதியில், விகுதி ஒகர வகையில் தொடங்கினால் ஓகாரமும், எகர வகையில் தொடங்கினால் ஆகாரமும் வரும். ‘நீங்கள்’ என்பதற்கு உரிய விகுதி ‘எதெ’. அகப, எதெ இரண்டும் சேர்ந்து அகபாதெ. இங்கே அகரத்தின் சாயல் தப்பிப் பிழைத்திருக்கிறது. அகபோமென் என்பதில் அது தடயமில்லாமல் போய்விட்டது.

எகரப் பகுதிகளும் ஒகரப் பகுதிகளும் இதே வகையில் நடக்கும், ஆனால் விளைவு வேறு. நேசித்தல் என்ற பொருளுள்ள ‘ஃபிலெ’ என்ற பகுதி ஒமென் என்ற விகுதியோடு சேர்ந்தால் ஃபிலூமென் ஆகும். நிரப்புதல் என்ற பொருளுள்ள ‘ப்லேரொ’ சேர்ந்தால் ப்லேரூமென் ஆகும். எகரமும் ஒகரமும் கூடினாலும், ஒகரமும் ஒகரமும் கூடினாலும் ஊகாரம் வருவதுதான் காரணம். இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் பின்னால் ஒரு வசனத்தில் முக்கியமான சாட்சியாக வந்து நிற்கும்.

இவ்வளவும் நிகழ்காலத்துக்கும், அதே அடியிலிருந்து பிறக்கும் தொடர் இறந்தகாலத்துக்கும் மட்டுமே பொருந்தும். மற்றக் காலங்களில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஸகரமோ ககரமோ இடைநிலையாக வந்து நிற்கும். உயிரும் உயிரும் சந்திக்காததால் ஒட்டுவதற்கு இடமில்லை. அதற்குப் பதிலாகப் பகுதியின் உயிர் நீளும். வசனத்தின் இரண்டாவது வினையான ‘ஏகபேசென்’ இப்படிப் பிறந்தது. அவர் அன்பு செய்தார் என்பது அதன் பொருள்.

பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் போலவே ஏகபேசென் என்பதைப் பிரிக்கலாம். அதில் இரண்டு ஏகாரங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே எழுத்து, ஆனால் பிறந்த காரணம் வேறு. சொல்லின் முதலில் உள்ள ஏகாரம் இறந்தகாலக் குறி. கிரேக்கம் இறந்தகாலத்தைக் காட்ட வினைக்கு முன்னால் ஓர் எகரத்தைச் சேர்க்கும். வினையே உயிரில் தொடங்கினால் அந்த உயிரை நீட்டும். அகப என்பதன் முதல் அகரம் அப்படித்தான் ஏகாரமானது. நடுவில் உள்ள ஏகாரம் பகுதியின் கடைசி அகரம், ஸகர இடைநிலைக்கு முன் நீண்டது. அதன்பின் இடைநிலை, கடைசியில் ‘அவர்’ என்பதைக் காட்டும் விகுதி. தமிழ் இலக்கணக்காரர் இரண்டு ஏகாரத்தையும் விகாரம் என்றே எழுதுவார். ஆனால் முன்னது காலத்தைச் சொல்கிறது, பின்னது பகுதியைச் சொல்கிறது என்பதை மறந்தால் சொல்லே புரியாது.

பகுதியைக் கண்டுபிடிக்க ஏகபேசென் மட்டும் போதுமா? போதாது. அகரமும் எகரமும் நீளும்போது இரண்டுமே ஏகாரமாகின்றன. ஒகரம் மட்டும் ஓகாரமாகும். எனவே நடு ஏகாரத்தைப் பார்த்துப் பகுதி ஒகரத்தில் முடியவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அது ‘அகப’ என்பதா ‘அகபெ’ என்பதா என்று சொல்ல முடியாது. அகபோமென் என்பதும் தனியாக உதவாது. ஏன் என்று சற்றுப் பின்னால் தெரியும். தீர்ப்பு அடுத்த வசனத்தில், அதாவது 20இல் இருக்கிறது. அங்கே ‘அன்பு செய்ய’ என்ற எச்சம் ‘அகபான்’ என்று வருகிறது. பகுதி எகரத்தில் முடிந்திருந்தால் அது அகபெய்ன் என்றே இருந்திருக்கும். ஆகாரம் வந்ததால் பகுதி அகரத்தில் முடிவது உறுதியாகிறது. ஒரு வடிவம் ஒரு வழியை அடைத்தது, இன்னொரு வடிவம் மற்றதை அடைத்தது. ஒட்டுவினைகளைப் படிப்பவர்கள் பழக்கத்தால் மனத்துக்குள் விரைவாகச் செய்வது இதைத்தான்.

அகராதிக்காரர்கள் இந்த வேலையை மாணவருக்காக முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறார்கள். கிரேக்க அகராதியில் வினைகள் ‘நான்’ என்பதற்கு உரிய நிகழ்கால வடிவில் வரிசைப்படுத்தப்படும். புதிய ஏற்பாட்டில் அந்த வடிவம் எங்கு வந்தாலும் ஒட்டி ‘அகபோ’ என்றே இருக்கும். அகராதியிலோ ‘அகபஓ’ என்று ஒட்டாமல் அச்சிடுவார்கள். புத்தகத்தில் ஓரிடத்திலும் தென்படாத வடிவத்தை அகராதியில் தலைச்சொல்லாக வைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்த அகரத்தைப் பிரித்துக் காட்டாவிட்டால், அகபோ என்பதை மட்டும் வைத்து மற்ற வடிவங்களை யாரும் உருவாக்க முடியாது. மேலும் அது வெறும் கற்பனை வடிவமும் அல்ல. இத்தகைய வினைகளில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே வெகு பழங்காலத்தில் ஒரு யகரம் இருந்தது, பிறகு அது உதிர்ந்தது. ஹோமரின் காவியங்களில் ஒட்டாத வடிவங்களும் காணக் கிடைக்கின்றன. ஹெரோடோட்டஸ் எழுதிய அயோனிய வழக்கில் எகரப் பகுதிகள் பெரும்பாலும் ஒட்டாமலே நிற்கின்றன. ஆதென்ஸ் நகரத்தின் அத்திக் வழக்கு ஒட்டியது. புதிய ஏற்பாட்டின் பொதுக் கிரேக்கம் இதில் அத்திக் வழக்கையே பின்பற்றியது.

பகுதி கிடைத்துவிட்டது. அடுத்தது வினையின் நிலை. இங்கேதான் ஒட்டு தன் முழு வேலையைக் காட்டுகிறது.

கிரேக்க வினைக்கு உள்ள நிலைகளில் செய்தி நிலை, விழைவு நிலை என்ற இரண்டு இங்கே முக்கியம். நடப்பதை நடப்பதாகச் சொல்வது முதலாவது. நடக்கலாம், நடக்கட்டும், நடந்தால், நடக்கும்படி என்ற பொருள்களுக்கு இரண்டாவது. ‘நாம்’ வடிவில் விழைவு நிலை தனித்து நின்றால் செய்வோமாக என்ற அழைப்பாகும். இரண்டுக்கும் விகுதி ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு விகுதியின் முதல் உயிர் குறிலா நெடிலா என்பதில் இருக்கிறது. செய்தி நிலையில் ஒமென், விழைவு நிலையில் ஓமென். லூஒமென் என்றால் அவிழ்க்கிறோம், லூஓமென் என்றால் அவிழ்ப்போமாக.

அகப என்ற பகுதியில் இந்த விகுதிகளைச் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அகரமும் குறில் ஒகரமும் கூடினால் ஓகாரம். அகரமும் நெடில் ஓகாரமும் கூடினாலும் ஓகாரம். இரண்டு வழியிலும் அகபோமென். குறிலும் நெடிலும் ஒரே நெடிலுக்குள் கரைந்துவிட்டதால் வேறுபாட்டைச் சுமக்க எழுத்தே இல்லை. இது ‘நாம்’ வடிவத்தோடு நிற்பதும் இல்லை. நீங்கள் என்பதற்குச் செய்தி நிலையில் எதெ, விழைவு நிலையில் ஏதெ. இரண்டும் அகபாதெ ஆகின்றன. ஏவல் வடிவமும் அதே அகபாதெ. நான், நீ, அவர், அவர்கள் என்று எதை எடுத்தாலும் அகரப் பகுதியின் நிகழ்காலச் செய்தி நிலையும் விழைவு நிலையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். எகரப் பகுதிகளுக்கு இந்த அளவு கெடுதி நேரவில்லை. அங்கே செய்தி நிலை ஃபிலூமென், விழைவு நிலை ஃபிலோமென். எழுத்தே பிரித்துக் காட்டிவிடும்.

அச்சுப் புத்தகங்களில் கிரேக்கச் சொற்களின்மேல் குரல் ஏற்றத்தைக் காட்டும் குறிகள் இருக்கும். ஒட்டிய நெடிலின்மேல் பல இடங்களில் ஒரு வளைவுக் குறி வரும். ஒட்டும் இரண்டு உயிர்களில் முதல் உயிரின்மேல் குரல் ஏறியிருந்தால் ஒட்டிய பிறகு அது வளைவாகும் என்பது விதி. எனவே சொல்லின் நடுவே வளைவைக் கண்டால் இங்கே ஏதோ ஒட்டியிருக்கலாம் என்று ஐயுறலாம். இது நல்ல உதவிதான், ஆனால் எல்லை உண்டு. ‘நீ அன்பு செய்’ என்ற ஏவலில் குரல் அதற்கும் முந்திய அசையில் ஏறுவதால் ஒட்டியும் வளைவு வருவதில்லை. அகபோமென் என்பதில் இரண்டு நிலைகளுக்கும் வளைவு ஒரே இடத்தில் விழுகிறது, ஆகவே அங்கே அது எதையும் பிரித்துக் காட்டாது. எகரப் பகுதியின் விழைவு வடிவத்திலும் இதே ஓகாரமும் இதே வளைவும் வரும். முன்னே சொன்னபடி, இந்தச் சொல்லை மட்டும் வைத்துப் பகுதியைத் தீர்மானிக்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் பெரிய தோல்பிரதிகள் எழுதப்பட்டபோது இந்தக் குறிகளை ஒழுங்காக இடும் வழக்கம் இல்லை. பெரிய எழுத்துகள் இடைவெளியின்றி ஓடும். குறிகள் பின்னால் வந்த படியெடுப்போரின் முடிவுகளையும் பதிப்பாசிரியர்களின் முடிவுகளையும் காட்டுபவை.

சொல் பேசாதபோது சூழலைக் கேட்க வேண்டும். யோவானின் முதல் நிருபம் இதற்கு நல்ல பயிற்சிக் களம், ஏனெனில் அகபோமென் என்ற இதே வடிவம் இந்தச் சிறிய நிருபத்தில் எட்டு வசனங்களில் வருகிறது. எட்டில் பெரும்பாலானவை ஏதாவது ஓர் அடையாளத்தோடு வருகின்றன.

3ஆம் அதிகாரம் 11இலும் 23இலும் அதற்கு முன்னால் ‘ஹினா’ என்ற இடைச்சொல் நிற்கிறது. செய்யும்படி என்ற பொருளுள்ள அந்தச் சொல்லுக்குப் பின் வழக்கமாக வருவது விழைவு நிலை. 4ஆம் அதிகாரம் 12இல் ‘எஆன்’, அதாவது ‘ஆல்’ விகுதியின் பொருளுள்ள சொல். அதுவும் விழைவு நிலையைக் கேட்கும். 3ஆம் அதிகாரம் 18இல் ‘மே’ என்ற எதிர்மறைச் சொல் வருகிறது. செய்தி நிலையை மறுக்கக் கிரேக்கம் பொதுவாக ‘ஊ’ என்பதையும் மற்ற நிலைகளை மறுக்க மே என்பதையும் பயன்படுத்தும். எனவே அது சொல்லளவில் அன்பு செய்யாதிருப்போமாக என்ற அழைப்பு. 2ஆம் அதிகாரம் 15இல் வரும் அகபாதெ என்பதையும் இதே மே என்ற சொல்தான் ஏவலாகக் காட்டுகிறது. மறுபுறம் 3ஆம் அதிகாரம் 14இல் நாம் மரணத்திலிருந்து வாழ்வுக்குக் கடந்துவிட்டோம் என்று அறிந்திருப்பதற்குக் காரணமாக இந்த வினை வருகிறது. காரணம் காட்டும் இடத்தில் அழைப்புக்கு வேலை இல்லை. அது செய்தி நிலை.

மிக அழகான சாட்சி 5ஆம் அதிகாரம் 2இல் இருக்கிறது. அங்கே ‘போது’ என்ற பொருளில் ‘ஹொதான்’ என்ற சொல் வருகிறது. அதுவே விழைவு நிலையைக் காட்டப் போதுமானது. ஆனால் அகபோமென் என்பதோடு உம்மையால் இணைந்து இன்னொரு வினையும் நிற்கிறது. சில படிகளில் அது ‘பொயோமென்’, வேறு படிகளில் ‘தேரோமென்’. கட்டளைகளைச் செய்தல் அல்லது கைக்கொள்ளுதல் என்று பொருள். இரண்டில் எது மூலமாக இருந்தாலும் பரவாயில்லை, ஏனெனில் இரண்டும் எகரப் பகுதிகள். செய்தி நிலையாயின் அவற்றில் ஊகாரம் வந்திருக்க வேண்டும். வந்திருப்பது ஓகாரம். எனவே அந்த வினை ஐயமில்லாமல் விழைவு நிலை. அதோடு தோள்சேர்ந்து நிற்கும் அகபோமென் என்பதும் அதே நிலையே. தன்னால் சொல்ல முடியாததைப் பக்கத்து வினையை வைத்துச் சொல்கிறது.

மிஞ்சுவது 4ஆம் அதிகாரத்தின் 7உம் 19உம். இரண்டிலும் ஹினா இல்லை, எஆன் இல்லை, மே இல்லை, பக்கத்து வினையும் இல்லை. 7இல் ‘அன்பானவர்களே’ என்ற விளியோடு வாக்கியம் தொடங்கி, ஒருவரையொருவர் என்ற சொல்லோடு வருவதால் அதை அழைப்பாக எடுப்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 19இல் விளி இல்லை.

அந்த வசனத்தின் சொற்களை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் ‘ஹேமெய்ஸ்’, நாம் அல்லது நாங்கள். கிரேக்கத்தில் உளப்பாட்டு வேறுபாடு இல்லை, தமிழ்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, ஐயத்துக்கு உரிய அகபோமென். மூன்றாவது ‘ஹொதி’, ஏனெனில். நான்காவது ‘அவ்தொஸ்’, அவர். ஐந்தாவது ‘ப்ரோதொஸ்’, முதல்வராக, முந்தி. ஆறாவது ஏகபேசென். ஏழாவது ‘ஹேமாஸ்’, நம்மை. முதல் வினைக்குச் செயப்படுபொருள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார்மேல் அன்பு என்று வசனம் சொல்லவில்லை.

கிரேக்க வினையின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடுவதால் ஹேமெய்ஸ் இலக்கணப்படி தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் வந்தால் அழுத்தம் என்று பொருள். அதற்கு எதிரே அவ்தொஸ் என்பதும் தேவையில்லாமல் வந்து நிற்கிறது. நாம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நம் அன்பு பின்னது, அவர் அன்பு முன்னது. இந்த எதிர்நிலை ஒரு விளக்கத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. நாம் அன்பு செய்கிறோம் என்றால் அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கம். அடுத்த வசனமும் கடவுள்மேல் அன்பு வைத்திருக்கிறேன் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே சகோதரனைப் பகைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அன்பு இருப்பதாகச் சொல்லப்படும் கூற்றைச் சோதிப்பது அது. அதற்கு முன் அன்பு செய்கிறோம் என்ற செய்தி நிற்பது பொருத்தமாகவே இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. ஏனெனில் என்ற சொல் வந்தாலே செய்தி நிலை என்று சொல்ல முடியாது. 7இல் அழைப்புக்குப் பின்னும் அதே ஹொதி வருகிறது. ஹேமெய்ஸ் இருப்பதும் முடிவான சான்றல்ல. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 5ஆம் அதிகாரம் 8இல் ஹேமெய்ஸ் என்ற எழுவாயோடு, எழுத்திலேயே ஐயமற்ற விழைவு வடிவம் வந்து விழிப்போடு இருப்போமாக என்று அழைக்கிறது. 4ஆம் அதிகாரம் 7இலிருந்து தொடங்கும் பகுதி முழுவதும் ஒருவரையொருவர் அன்பு செய்யத் தூண்டும் பகுதி என்பதையும் மறுக்க இயலாது.

பழங்காலத்திலேயே இந்த ஐயம் இருந்தது என்பதற்குப் படிகளும் மொழிபெயர்ப்புகளும் சாட்சி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியப் பிரதியில் ஹேமெய்ஸ் என்பதற்குப் பின் ‘ஊன்’, அதாவது ‘ஆகையால்’ என்ற சொல் இருக்கிறது. ஆகையால் என்று தொடங்கும் வாக்கியம் எளிதாக அழைப்பின் பக்கம் சாயும். இலத்தீன் வுல்காத்தாவும் ஆகையால் என்ற சொல்லோடு ‘திலிகாமுஸ்’ என்று மொழிபெயர்த்தது. அந்த வடிவம் அன்பு செய்வோமாக என்றே பொருள்படும். அன்பு செய்கிறோம் என்பதற்கு இலத்தீனில் திலிகிமுஸ் என்று வேறு வடிவம் உண்டு. இலத்தீன் எழுத்துக்குள் இரண்டையும் மறைத்து வைக்க முடியாது, மொழிபெயர்ப்பவர் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். வுல்காத்தா அழைப்பின் பக்கம் நின்றதால், அதை ஓதிய மேற்குத் திருச்சபை நூற்றாண்டுகளாக இந்த வசனத்தை ஒரு கட்டளையாகவே கேட்டது.

செயப்படுபொருள் இல்லாத குறையும் படியெடுப்போரை உறுத்தியிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியில் ‘கடவுளை’ என்ற சொல் சேர்ந்திருக்கிறது. பிற்காலப் பெரும்பான்மைப் படிகளில் ‘அவரை’ என்று இருக்கிறது. வத்திக்கான் பிரதியிலும் அலெக்சாந்திரியப் பிரதியிலும் எதுவும் இல்லை. ஒன்றும் இல்லாததே மூலம் என்று பதிப்பாசிரியர்கள் கொள்கிறார்கள். இல்லாத சொல்லைச் சேர்க்கக் காரணம் இருக்கிறது, இருந்த சொல்லை இரண்டு வேறு வடிவங்களிலிருந்து நீக்கக் காரணம் தெரியவில்லை. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும், தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பும் ‘அவரை’ என்ற பாடத்தைப் பின்பற்றுகின்றன. இரண்டும் வினையைச் செய்தியாகவே எடுத்திருக்கின்றன. தமிழில் ‘செய்வோம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் எதிர்காலமாகவும் அழைப்பாகவும் இரட்டையாக நின்றிருக்கும். கிரேக்கத்தின் ஐயம் தமிழுக்கு வந்து வேறோர் ஐயமாகியிருக்கும்.

இரண்டு தரப்பையும் நிறுத்துப் பார்த்தால் செய்தி நிலையே கனமானது. ஹேமெய்ஸ், அவ்தொஸ் என்ற எதிர்நிலையும், 20ஆம் வசனத்தின் சோதனையும், ஆகையால் என்ற சொல் மூலத்தில் இல்லாமையும் சேர்ந்து அந்தப் பக்கம் சாய்கின்றன. இக்கால மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவையும் அதையே தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஆனால் இது சூழலை வைத்துச் செய்யும் தீர்ப்பு. இலக்கணம் கட்டாயப்படுத்தும் தீர்ப்பு என்று மேடையிலோ உரையிலோ எவரேனும் சொன்னால், அவர் ஒட்டை மறந்துவிட்டார் என்று பொருள்.

இதோடு அடிக்கடி குழப்பப்படும் இன்னொரு புகழ்பெற்ற சிக்கலைப் பிரித்துக் காட்டுவது நல்லது. ரோமர் 5ஆம் அதிகாரம் 1இல் சமாதானத்தைப் பெற்றிருக்கிறோம் என்பதா, பெற்றிருப்போமாக என்பதா என்ற கேள்வி உண்டு. அங்கே உள்ள வினை ஒட்டுவினை அல்ல. குறில் ஒகரம் எழுதினால் செய்தி, நெடில் ஓகாரம் எழுதினால் அழைப்பு. எழுத்தில் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் முதலில் எழுதியவர் ஓகாரம் எழுத, பிறகு திருத்தியவர் ஒகரமாக்கினார். அக்காலப் பேச்சில் ஒகரக் குறிலும் நெடிலும் ஒரே ஒலியாகிவிட்டதால் காதால் கேட்டோ மனத்துக்குள் ஒலித்தோ எழுதியவர்கள் மாற்றிவிட்டார்கள். அது எழுத்தரின் பிழையால் வந்த ஐயம், மேலும் படிகளைத் தேடினால் சான்று கூடலாம். அகபோமென் அப்படியல்ல. யோவானின் கைப்பட எழுதிய மூலத்தாளே நாளை கிடைத்தாலும் அந்தச் சொல்லில் அதே ஓகாரம்தான் இருக்கும்.

பேசியவர்களுக்கே இந்த வினைகள் எப்போதும் தெளிவாக இருந்தன என்றும் சொல்ல முடியாது. ஏகபேசென் போன்ற வடிவங்களில் அகரமும் எகரமும் ஒன்றாகிவிடுவதால், நிகழ்காலத்திலும் தொடர் இறந்தகாலத்திலும் எந்தப் பகுதி எந்த வகை என்பது மக்களின் நாவில் தடுமாறியது. மத்தேயு 15ஆம் அதிகாரம் 23இல் சீடர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்ற வினை அகரப் பகுதி. முறைப்படி அது ‘ஏரோதோன்’ என்று ஒட்ட வேண்டும். பழைய படிகளில் ‘ஏரோதூன்’ என்று எகரப் பகுதியைப்போல ஒட்டியிருக்கிறது, பிற்காலப் படிகளில் முறையான வடிவமாகத் திருத்தப்பட்டிருக்கிறது. படிப்பவர்கள் இதைக் கண்டு பகுதியைத் தவறாக முடிவுசெய்யாமல் இருக்க வேண்டும். நீளவேண்டிய இடத்தில் நீளாமல் அடம்பிடிக்கும் பகுதிகளும் சில உண்டு. அழைத்தல் என்ற பொருளுள்ள ‘கலெ’ இறந்தகாலத்தில் ‘எகலெசென்’ என்று குறிலாகவே நிற்கும். வாழ்தல் என்ற வினையோ ஆகாரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் ஏகாரத்தைக் கொண்டுவரும். இவை எண்ணிக்கையில் குறைவு, புழக்கத்தில் அதிகம், மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இக்காலக் கிரேக்கத்தில் நிலைமை மாறிவிட்டது. அன்பு செய்கிறேன் என்பதை இன்று கிரேக்கர்கள் அகபோ என்றும், அதே அளவு இயல்பாக அகபாஓ என்று பிரித்தும் சொல்கிறார்கள். அன்பு செய்கிறோம் என்பது பேச்சில் அகபாமெ. அன்பு செய்வோமாக என்று அழைக்க அந்த வடிவத்துக்கு முன்னால் ‘அஸ்’ என்ற தனிச்சொல்லைச் சேர்ப்பார்கள்.